நாணயம் சுண்டி எழுதிய இசைக்கு யார் ஆசிரியர்?

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் நாணயம் சுண்டிப் போட்டு இசை எழுதினார் என்று சொன்னால், கேட்பவர் உடனே திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “அப்படியானால் அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே, அவர் பெயர் எதற்கு?” பெரும்பாலும் கேலியாகக் கேட்கப்பட்டாலும் இது நல்ல கேள்வி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புது இசைக்காரர்களுக்குள் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று இதைச் சுற்றித்தான் நடந்தது. கேஜே இதற்குத் தன் வாழ்நாளில் ஒரே பதிலைச் சொல்லவில்லை. 1951இல் ஒரு பதில் வைத்திருந்தார். 1958இல் அதைத் தானே கடுமையாக மறுத்தார். 1960களிலும் 70களிலும் மேடையில் நடந்த சில சம்பவங்கள் அவருடைய இரண்டாவது பதிலையும் ஆட்டிப் பார்த்தன.

பலரும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களை முதலில் பிரித்துவிட வேண்டும். ஒன்று தற்செயல் முறை. இதில் எழுதும் நேரத்தில் மட்டுமே தற்செயல் வேலை செய்கிறது. எந்த ஸ்வரம், எவ்வளவு நீளம் என்பதை நாணயமோ சீட்டோ முடிவு செய்கிறது. எழுதி முடித்த பிறகு, பீத்தோவன் எழுதிய இசைக்குறிப்பான ஸ்கோரைப் போலவே எல்லாம் தாளில் உறுதியாக இருக்கும். வாசிப்பவர் அதை அப்படியே வாசிக்க வேண்டும். இன்னொன்று நிர்ணயமின்மை. இதில் தாளே முடிவாகாமல் இருக்கிறது. எதை வாசிப்பது, எந்த வரிசையில் வாசிப்பது என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்கிறார், அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சியும் வேறு மாதிரி அமைகிறது. முதலாவதில் இசையமைப்பாளர் தன் ரசனையை விலக்கிவைக்கிறார். இரண்டாவதில் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

கேஜ் இந்த இடத்துக்கு வந்துசேர்ந்த பாதையில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. 1946இல் அகமதாபாத்தின் சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் வந்திருந்தார். கேஜ் அவருக்கு மேற்கத்திய நவீன இசையைச் சொல்லிக்கொடுத்தார், அவர் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தைத் தெளியவைத்து அமைதிப்படுத்தி அதைத் தெய்வீகத்துக்குத் திறந்துவைப்பதற்காக என்று தன் குரு சொன்னதை கீதா சொன்னார். இந்த வாக்கியத்தை கேஜ் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார். தன் உணர்ச்சியை வெளிப்படுத்துவதற்காகவே இசை என்று படித்து வந்தவருக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

அதே காலத்தில் அவர் படித்த இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், சர் முத்து குமாரசுவாமியின் மகன், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கட்டியெழுப்பியவர். கலை இயற்கையின் தோற்றத்தைப் போலச் செய்வதல்ல, இயற்கை இயங்கும் விதத்தைப் போலச் செய்வது என்ற கருத்தை கேஜ் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஆனால் முழுக்க எடுத்துக்கொள்ளவில்லை. குமாரசுவாமி போற்றிய கலைஞன் பெயர் போட்டுக்கொள்ளாத சிற்பி. அவனுக்குத் தன் பெயர் தேவைப்படாததற்குக் காரணம், அவனுக்கு முன்னால் சாஸ்திரமும் மரபும் வகுத்துவைத்த அளவுகள் இருந்தன. கேஜ் ‘பெயரில்லாமை’ என்ற பாதியை எடுத்துக்கொண்டு ‘மரபு’ என்ற பாதியை விட்டுவிட்டார். மரபு இருந்த இடத்தில் எதையாவது வைத்தாக வேண்டும். அங்கேதான் நாணயம் வந்து உட்கார்ந்தது.

அது கையில் கிடைத்த விதம் எளிமையானது. கிறிஸ்டியன் உல்ஃப் என்ற பதினாறு வயதுப் பையன் கேஜிடம் இசை கற்க வந்திருந்தான். அவனுடைய அப்பா பதிப்பாளர். சீனர்களின் பழைய குறி நூலான ஈ-சிங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1950இல் அந்தப் பதிப்பகம் வெளியிட்டிருந்தது. பையன் ஒரு பிரதியைக் கொண்டுவந்து ஆசிரியருக்குக் கொடுத்தான். அதிலிருந்த 64 வடிவங்களின் அட்டவணையைப் பார்த்ததும், தான் ஏற்கெனவே கட்டம் போட்டுச் செய்துகொண்டிருந்த வேலைக்கு இது பொருந்தும் என்று கேஜுக்குத் தெரிந்துவிட்டது. 1951இன் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, டேவிட் டூடர் என்ற பியானோ கலைஞருக்காக அவர் எழுதிய ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ இந்த வழியில் வந்ததுதான். நான்கு பகுதிகள், சுமார் முக்கால் மணி நேரம். 1952 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் டூடர் அதை முழுவதுமாக வாசித்தார்.

இதை எழுதியது எப்படி என்று நிதானமாகப் பார்த்தால்தான் ‘யார் வேண்டுமானாலும்’ என்ற பேச்சு எங்கே இடறுகிறது என்று தெரியும். நாணயத்தைத் தொடுவதற்கு முன்பே கேஜ் 26 அட்டவணைகள் தயாரித்தார். ஒலிகளுக்கு எட்டு, கால அளவுகளுக்கு எட்டு, ஒலி வலிமைக்கு எட்டு, வேகத்துக்கு ஒன்று, ஒரே நேரத்தில் எத்தனை அடுக்குகள் ஓட வேண்டும் என்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு, அதாவது 64 கட்டங்கள். ஒலி அட்டவணைகளில் பாதிக் கட்டங்களே ஒலி. இரட்டைப்படை எண்கள் எல்லாம் மௌனம். ஒலி இருக்கும் கட்டத்தில் ஒற்றை ஸ்வரம் இருக்கலாம், ஒரு கொத்து இருக்கலாம், சின்னதொரு சுரக்கோவை இருக்கலாம், பியானோ மூடியைத் தட்டும் சத்தமும் இருக்கலாம். அட்டவணையில் நான்கு கட்டங்களைக் குறுக்காகவோ நெடுக்காகவோ படித்தால் பன்னிரண்டு ஸ்வரங்களும் வந்துவிடும்படி அவற்றை அடுக்கியிருந்தார். கால அளவு அட்டவணைகளில் 64 கட்டங்களும் நிரம்பியிருந்தன, ஏனென்றால் மௌனத்துக்கும் நீளம் உண்டு. ஒலி வலிமை அட்டவணையில் 1, 5, 9 என்று நான்கு நான்காகத் தாவும் 16 எண்கள் மட்டுமே மாற்றம் தரும். மற்ற எண்கள் வந்தால் முன்பிருந்த வலிமையே தொடரும்.

இனி நாணயம். மூன்று நாணயங்களைச் சேர்த்துப் போட வேண்டும். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று வரும். ஒற்றைப்படை என்றால் முழுக்கோடு, இரட்டைப்படை என்றால் உடைந்த கோடு. (6, 9 இரண்டும் பின்னால் மாறக்கூடிய கோடுகள். அந்த நுணுக்கத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.) இப்படி ஆறு முறை போட்டு, கோடுகளைக் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 7, 8, 8, 8, 7, 8 என்று வந்ததாகக் கொள்வோம். முழுக்கோடு, மூன்று உடைந்த கோடுகள், மறுபடி ஒரு முழுக்கோடு, கடைசியில் ஓர் உடைந்த கோடு. ஈ-சிங் அட்டவணையில் இதன் எண் 3. ஒற்றைப்படை, ஆகவே ஒலி உண்டு. ஒலி அட்டவணையின் மூன்றாம் கட்டத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அது எவ்வளவு நேரம் என்று அறிய மறுபடி ஆறு முறை, எவ்வளவு சத்தமாக என்று அறிய இன்னும் ஆறு முறை. வலிமைக்கு 11 வந்தால் முன்பிருந்ததே தொடரும், 13 வந்தால் மாறும். ஆக ஒரே ஓர் ஒலிக்குப் பதினெட்டு முறை மூன்று நாணயங்களும் விழ வேண்டும். எட்டு அடுக்குகள் வரை ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேர இசைக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்.

இது போதாதென்று, பயன்படுத்திய ஒலி அதே கட்டத்தில் தங்குமா அல்லது போய்விட்டுப் புது ஒலிக்கு இடம் கொடுக்குமா என்பதையும் அவ்வப்போது நாணயமே தீர்மானித்தது. அதாவது எழுத எழுதவே அட்டவணை மாறிக்கொண்டு வந்தது. முழுப் படைப்பின் காலச் சட்டகமும் முன்பே வகுக்கப்பட்டிருந்தது: 3, 5, 6¾, 6¾, 5, 3⅛ என்ற விகிதம். சின்னப் பகுதிகளுக்கும் இதே விகிதம், பெரிய பகுதிகளுக்கும் இதே விகிதம்.

அப்படியானால் நாணயம் தீர்மானித்தது எதை? எந்தக் கட்டம் எப்போது வரும் என்பதை மட்டும். கட்டத்துக்குள் என்ன இருக்கும், பாதி மௌனமாக இருக்கும், வலிமை அடிக்கடி மாறாது, காலம் இந்த விகிதத்தில் பிரியும் என்பவை எல்லாம் கேஜின் முடிவுகள். வேறொருவர் இதே நாணயங்களை வைத்துத் தன் அட்டவணையில் சுக ஸ்வரக் கொத்துகளை மட்டும் நிரப்பியிருந்தால், வெளியே வருவது முற்றிலும் வேறு இசை. பின்னாளில் கேஜ் இதைத் தெளிவாகவே சொன்னார்: பதிலைத் தேர்ந்தெடுப்பது தன் வேலையல்ல, கேள்வியைத் தேர்ந்தெடுப்பதுதான் தன் வேலை என்று. ஆசிரியர் காணாமல் போகவில்லை. ஒரு படி பின்னால் போய் நின்றுகொண்டார், அவ்வளவுதான். இந்த இசையைக் கேட்டால் அது கேஜ் என்று தெரிந்துவிடுவது இதனால்தான்.

இதே நேரத்தில் பாரிஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலெஸ் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். இருவரும் 1949 முதல் நண்பர்கள், நீளமான கடிதங்கள் எழுதிக்கொண்டவர்கள். பூலெஸின் ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ முதல் பகுதியில் ஸ்வரம், நீளம், வலிமை, வாசிக்கும் விதம் எல்லாமே எண் சதுரங்களிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கப்பட்டவை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும் ஒருவர், இது முழுக் கட்டுப்பாடு, அது முழுத் தற்செயல் என்று காதால் பிரித்துச் சொல்வது எளிதல்ல. இரண்டிலும் ஸ்வரங்கள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கின்றன. இது வியப்பல்ல என்றே நினைக்கிறேன். ஒருவர் தன் ரசனையைக் கணக்கிடம் ஒப்படைத்தார், இன்னொருவர் நாணயத்திடம் ஒப்படைத்தார். இருவருமே போருக்கு முந்தைய இசையின் உணர்ச்சிப் பெருக்கை நம்பாதவர்கள்.

பூலெஸ் இதை உணர்ந்தே பதறினார். கேஜுக்கு எழுதிய கடிதத்தில் மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது, நாணயம் போடும் முழுத் தற்செயல் மட்டும் பிடிக்கவில்லை, தற்செயலைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார். 1957இல் எழுதிய ‘அலேயா’ என்ற கட்டுரையில் கடுமை கூடியது. பெயரைச் சொல்லாமலே, எழுதும் திறமையின் குறையைக் கிழக்கத்தியத் தத்துவச் சாயம் பூசி மறைக்கிறார்கள் என்றார். அதே ஆண்டில் அவரே மூன்றாம் பியானோ சொனாட்டாவில் வாசிப்பவருக்கு வழிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தார். எல்லா வழிகளையும் முன்கூட்டியே தானே போட்டுவைத்துவிட்டு, எதில் போவது என்பதை மட்டும் விட்டுக்கொடுத்தார். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுஸனின் ‘கிளாவியர்ஷ்ட்யூக் 11’ (1956) இதே வகை: பெரிய தாள் ஒன்றில் 19 துண்டுகள், கண் போன துண்டை வாசிக்கலாம், ஒரே துண்டுக்கு மூன்றாம் முறை வந்துவிட்டால் அத்துடன் முடிவு. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1962இல் ‘திறந்த படைப்பு’ என்று எழுதியபோது முதலில் எடுத்துக்காட்டியவை இவைதான். ஆனால் இவற்றில் ஆசிரியரின் பிடி தளர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துண்டுகளின் உள்ளே ஒவ்வொரு ஸ்வரமும் அவர் எழுதியதுதான்.

திருப்பம் 1958 செப்டம்பரில் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் வந்தது. அங்கே ஆண்டுதோறும் நடந்த புது இசைக் கோடைப் பள்ளியில் கேஜ் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். இரண்டாவது சொற்பொழிவு நிர்ணயமின்மை பற்றியது. அதில் ஸ்டாக்ஹவுஸனின் துண்டுகளைத் தொட்டுப் பேசியவர், தன் சொந்த ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ மீதும் கை வைத்தார். எழுதிய முறையில் தற்செயல் இருந்தாலும் வெளிவந்த பொருள் முழுக்க உறுதியானது. வெறும் ஒலிகள் ஒன்றுசேர்ந்து ஒரு மனிதரை, அதாவது வாசிப்பவரை, ஆட்டிப்படைக்கின்றன. அது பிராங்கன்ஸ்டைன் பூதத்தைப் போலப் பயமுறுத்துகிறது என்றார்.

இந்தத் தன்விமர்சனத்தின் நியாயம் டூடரின் மேசையைப் பார்த்தால் புரியும். அந்த ஸ்கோரில் தாளின் இரண்டரை சென்டிமீட்டர் தூரம் ஒரு கால் ஸ்வரத்தின் நேர நீளத்துக்குச் சமம். வேகமோ ஓயாமல் ஏறி இறங்குகிறது. எந்த ஸ்வரம் எந்த நொடியில் விழ வேண்டும் என்று அறிய, டூடர் தான் முன்பு அறியாத கணிதத்தைப் புதிதாகக் கற்றுக் கடிகார நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். சில இடங்களில் வாசிக்கவே முடியாதது எழுதப்பட்டிருந்தது. அங்கே வாசிப்பவர் தன் யோசனைப்படி செய்துகொள்ளலாம் என்று ஸ்கோரிலேயே ஒரு குறிப்பு. ரசனையை விலக்க ஆரம்பித்த முயற்சி, அதை வாசிப்பவரை ஒரு கணக்கு இயந்திரமாக்கியிருந்தது.

அதற்கு மாற்று கேஜுக்கு அருகிலேயே இருந்தது. அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான மார்ட்டன் ஃபெல்ட்மன் 1950 இறுதியிலேயே செல்லோவுக்கு எழுதிய ‘ப்ரொஜெக்ஷன் 1’ வரைபடத் தாளில் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது. மேல் ஸ்தாயி, நடு ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்று மட்டும் குறித்திருந்தார். எந்த ஸ்வரம் என்பது வாசிப்பவர் விருப்பம். ஃபெல்ட்மன் பின்னால் இந்த வழியைக் கைவிட்டார். ஒலிகளை விடுதலை செய்ய நினைத்தேன், வாசிப்பவரையும் சேர்த்து விடுதலை செய்துவிட்டேன் என்பது அவருடைய மனத்தாங்கல். சில கலைஞர்கள் அந்தக் கட்டங்களுக்குள் தங்கள் பழைய பழக்கங்களையே நிரப்பினார்கள். கேஜும் இதே காரணத்துக்காக இட்டுக்கட்டி வாசிப்பதை நம்பவில்லை. நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்று நாம் கொண்டாடுவது பல்லாண்டுப் பயிற்சியில் ஊறிய ரசனையும் நினைவும் அந்தக் கணத்தில் பொங்கி வருவதை. கேஜ் விலக்க நினைத்தது துல்லியமாக அந்த ரசனையையும் நினைவையும்தான். ஆகவே நிர்ணயமின்மையை மனோதர்மத்தின் மேற்கத்திய உறவினர் என்று எடுத்துக்கொண்டால் அவரை முழுக்கத் தவறாகப் படித்தவர்கள் ஆவோம்.

பழக்கத்துக்குக் கதவு திறக்காமல் வாசிப்பவருக்குச் சுதந்திரம் தருவது எப்படி? கேஜின் பதில், ஸ்கோருக்குப் பதிலாக ஒரு கருவியைக் கொடுப்பது. 1961இல் எழுதிய ‘வேரியேஷன்ஸ் 2’ இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அதில் ஸ்வரமே கிடையாது. கண்ணாடி போன்ற பதினொரு பிளாஸ்டிக் தாள்கள். ஆறில் தாளுக்கொரு நேர்க்கோடு, ஐந்தில் தாளுக்கொரு புள்ளி. தாள்களை மேசையில் ஒன்றின் மேல் ஒன்று விழவிட வேண்டும். ஆறு கோடுகளும் ஆறு குணங்களைக் குறிக்கும்: சுருதி, வலிமை, நாதத்தின் தன்மை, நீளம், எப்போது நிகழ்கிறது, ஒரே ஒலியா பல ஒலிகளின் தொகுப்பா. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒவ்வொரு கோட்டுக்கும் செங்குத்தாக அளந்தால் ஒரு நிகழ்வின் ஆறு குணங்களும் கிடைக்கும். ஐந்து புள்ளிகள், ஆறு கோடுகள், முப்பது அளவுகள். போதவில்லை என்றால் தாள்களைக் கலைத்து மறுபடி விழவிடலாம். எத்தனை பேரும் வாசிக்கலாம், எந்தக் கருவியும் இருக்கலாம். எத்தனை மில்லிமீட்டர் எவ்வளவு சத்தம் என்ற அளவுகோலும் வாசிப்பவர் கையில்தான்.

டூடர் இதை எடுத்து என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு மிகுந்த ஆர்வம். மில்லிமீட்டர் கணக்கு பியானோவின் சாவிகளுக்குத்தான் ஒத்துவரும். ஆனால் அவர் வாசிக்க நினைத்தது ஒலி பெருக்கப்பட்ட பியானோ. தந்திகளிலும் உடம்பிலும் தொடு ஒலிவாங்கிகளையும் கிராமபோன் முள் தலைகளையும் பொருத்தி, ஒலிபெருக்கியின் சத்தம் திரும்ப உள்ளே புகுந்து கூச்சலிடும் நிலையில் வைத்திருந்தார். அந்த நிலையில் சுருதி இவ்வளவு, வலிமை இவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. ஆகவே ஒவ்வொரு அளவையும் இரண்டே வகையாகச் சுருக்கினார்: எளியது, சிக்கலானது. எளிய சுருதி, சிக்கலான நாதம், எளிய நீளம் என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு சேர்க்கையைத் தனக்கான குறியீட்டில் வரைந்துகொண்டு அதைப் பார்த்து வாசித்தார். கேஜ் கொடுத்தது தொடர்ச்சியான அளவு. டூடர் அதை இரு வகையாக மாற்றினார். கேஜின் கோடுகளையும் புள்ளிகளையும் வைத்துக்கொண்டு டூடர் இங்கே வேறொரு கேள்வியைக் கேட்டிருக்கிறார். கேஜின் சொந்த இலக்கணப்படியே, கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர்தான் ஆசிரியர் என்றால், அந்த வாசிப்பின் இசைத்தட்டுப் பதிவில் நாம் கேட்கும் இசையின் ஆசிரியர் டேவிட் டூடர் என்று சொல்வதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. கேஜை ஆய்வு செய்த ஜேம்ஸ் ப்ரிச்சட் ஏறத்தாழ இந்த முடிவுக்கே வருகிறார்.

ஆனால் இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் என்று இருப்பது கேஜின் பெயர். 1960களின் தொடக்கத்திலிருந்து அவருடைய ஸ்கோர்களைப் பீட்டர்ஸ் பதிப்பகம் வெளியிட்டு வந்தது. பதிப்புரிமை ஒரே ஒருவரைக் கேட்கிறது. பிளாஸ்டிக் தாளுக்கு உரிமை உண்டு, அதை அளந்து குறித்த நோட்டுக்கு இல்லை. கேஜ் சுயநலமாக நடந்துகொண்டார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் எழுதியதெல்லாம் டூடரை மனத்தில் வைத்தே எழுதியது என்று அவரே தாராளமாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ‘ஆசிரியரை ஒழித்துவிட்டோம்’ என்ற பேச்சு எழுந்த நேரத்தில், உழைப்பு இரண்டு பேருக்கிடையே பிரிந்து பெயர் மட்டும் ஒருவரிடம் தங்கிவிட்டது என்பது கண்ணெதிரே இருக்கும் உண்மை. பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த்தின் ‘ஆசிரியரின் மரணம்’ என்ற கட்டுரை முதலில் வெளிவந்தது 1967இல், ‘ஆஸ்பென்’ என்ற அமெரிக்க இதழில். அந்த இதழ் ஒரு பெட்டி வடிவில் வந்தது. அதே பெட்டிக்குள் கேஜின் ‘ஃபொன்டானா மிக்ஸ்’ ஸ்கோரும் இருந்தது, ஆசிரியர் பெயருடன்.

டூடரைப் போல உழைக்க மனம் இல்லாதவர்கள் கையில் இந்தத் தாள்கள் போனால் என்ன ஆகும்? அதற்கு 1964 பிப்ரவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு பதில் சொன்னது. அதன் நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் புது இசை வரிசை ஒன்றில் கேஜின் ‘அட்லஸ் எக்லிப்டிகாலிஸ்’ படைப்பை நிகழ்ச்சியில் சேர்த்தார். செக் வானியலாளர் அன்டோனின் பெச்வாரின் நட்சத்திர வரைபடங்களின் மேல் தாளை வைத்து, நட்சத்திரங்கள் இருந்த இடங்களை ஸ்வரங்களாக எழுதியது அது. மொத்தம் 86 கருவிகளுக்கான பகுதிகள். நடத்துநருக்குப் பதில் கடிகார முள் போலச் சுற்றும் ஓர் இயந்திரக் கை. ஒவ்வொரு கருவியிலும் தொடு ஒலிவாங்கி. அவற்றின் ஒலியைக் கலவைப் பலகையில் உட்கார்ந்த உதவியாளர்கள் ஏற்றி இறக்கினார்கள்.

கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். சிலர் எழுதியதை விட்டு ஸ்வரவரிசைகளையும் தெரிந்த மெட்டுகளையும் வாசித்தார்கள். சிலர் ஒலிவாங்கிகளைச் சேதப்படுத்தினார்கள். கேஜ் வணங்க எழுந்தபோது இசைக்குழுவுக்குள்ளிருந்தே சீறல் கேட்டது. பார்வையாளர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். கேஜ் இதை ஒழுக்கக்கேடு என்று பார்த்தார். அவருடைய கட்டளையின் சாரம், அனுமதி உண்டு, ஆனால் இஷ்டப்படி செய்வதற்கு அல்ல என்பது. அதில் நியாயம் இருக்கிறது. கேலி செய்து வாசித்தவர்கள் சுதந்திரத்தைப் பயன்படுத்தவில்லை, வீணடித்தார்கள். ஆனால் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒருவர் எவ்வளவு கவனமாக வாசித்தாலும், கலவைப் பலகையில் அவருடைய குமிழ் இறங்கியிருந்தால் அவர் வாசித்தது யாருக்கும் கேட்காது. இறங்கியிருக்கிறதா என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. இதைச் சுதந்திரம் என்று அவர்களிடம் யாரும் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? கேட்கும்படி செய்வது எது என்ற முடிவு அவர்களிடம் ஒருபோதும் வரவே இல்லை.

இன்னொரு சம்பவம் 1975 ஜூனில் பஃபலோ நகரில் நடந்தது. கேஜின் ‘சாங் புக்ஸ்’ தொகுப்பில் எட்டாவது தனிப்பகுதி சொல்வது இவ்வளவுதான்: ஒலி மிகுதியாகப் பெருக்கப்பட்ட சூழலில், பிறருக்கான ஒரு கடமையை நிறைவேற்றும்படி கட்டுப்பாடான ஒரு செயலைச் செய். கறுப்பின இசையமைப்பாளரும் பாடகருமான ஜூலியஸ் ஈஸ்ட்மன் காதலின் புது முறை பற்றி ஒரு சொற்பொழிவாக அதைச் செய்தார். மேடையில் ஓர் இளைஞரின் ஆடைகளைக் களைந்தார். தன்பாலின ஈர்ப்பு வெளிப்படையாக அதன் பொருளாக இருந்தது. மறுநாள் கேஜ் எல்லார் முன்னிலையிலும் கோபத்துடன், பியானோவைக் குத்தியபடி, தன் இசையில் உள்ள சுதந்திரம் பொறுப்பின்மைக்கான சுதந்திரம் அல்ல என்றார். ஈஸ்ட்மன் தன் அகந்தையை முன்னிறுத்திவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு.

தாளில் இருந்த கட்டளையை ஈஸ்ட்மன் மீறினாரா என்று கேட்டால், வார்த்தைக்கு வார்த்தை பார்த்து மீறவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மீறியது தாளில் எழுதப்படாத ஒன்றை: இந்த வகைச் செயல், இந்த வகை அடக்கம், இந்த வகை ‘நான் இல்லாமை’ என்ற கேஜின் ரசனையை. ஏறத்தாழ கால் நூற்றாண்டாக விலக்கிவைக்க முயன்ற ரசனை, ஒரு கறுப்பின ஓரினச் சேர்க்கையாளர் ‘நான்’ என்று சொன்னதும் நீதிபதியாகத் திரும்பி வந்தது. ‘நான்’ என்பதை மறைத்துக்கொள்வது யாருக்குச் சுலபம், யாருக்கு அது ஏற்கெனவே மறுக்கப்பட்டது என்ற கேள்வியை கேஜ் கேட்கவில்லை. இசைக்கலைஞரும் ஆய்வாளருமான ஜார்ஜ் லூயிஸ் 1996இல், போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புது இசை ஜாஸ் கலைஞர்களின் இட்டுக்கட்டலிடமிருந்து விலகி நின்றதில் இருந்த இனப் பாகுபாட்டை எழுதியபோது, இந்த இடத்தைத்தான் வேறு பக்கத்திலிருந்து தொட்டார்.

டூடர் 1960களின் போக்கில் பியானோவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுத் தானே மின்னணுக் கருவிகளைக் கோத்து இசையமைக்கத் தொடங்கினார். 1968இல் உருவான ‘ரெய்ன்ஃபாரஸ்ட்’ அவர் பெயரிலேயே வந்தது. கேஜின் தாள்களை அளந்து அவர் எழுதிவைத்த நோட்டுகளும் அட்டவணைகளும் இப்போது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி ஆய்வு நிறுவனத்தில், டூடரின் பெயரிலான தொகுப்பில் இருக்கின்றன. ‘வேரியேஷன்ஸ் 2’ படைப்பைப் படிக்க விரும்புபவர் இரண்டையும் பார்க்க வேண்டும்: கடையில் கேஜ் பெயரில் விலைக்குக் கிடைக்கும் பதினொரு தாள்களையும், ஆவணக் காப்பகத்தில் டூடர் பெயரில் உள்ள குறிப்புகளையும். முதலாவதை மட்டும் பார்ப்பவர் அந்தப் படைப்பு எப்படி ஒலித்தது என்பதை அறியவே முடியாது.